பாட்டு உரக்கக் கேட்கிறது, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்: இயர்பட்ஸில் அடங்கிப்போன அழைப்பின் சத்தம்

அத்தையின் புகார் இரண்டே வரிதான். "பாட்டுப் போட்டா காது ரெண்டும் அதிருது. யாராவது கூப்பிட்டா மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குப்பா."

போன் ஆண்ட்ராய்டு. இயர்பட்ஸ் வாங்கி நான்கு மாதம். காதில் வைக்கும் மொட்டின் வெளிப்பக்கத்தில் விரலை மேலே தடவினால் சத்தம் கூடும், கீழே தடவினால் குறையும். இரண்டு முறை தட்டினால் அழைப்பை எடுக்கும், பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு முறை தட்டினால் துண்டிக்கும். அத்தை இதையெல்லாம் தெரிந்துதான் வைத்திருந்தார். "தடவிப் பாத்துட்டேன். முழுசாக் கூட்டி வச்சுட்டுத்தான் போன் பேசுறேன். பாட்டுக்குக் கூடுது, பேச்சுக்குக் கூடவே மாட்டேங்குது. ஒண்ணுக்கு மட்டும்தான் இது வேலை செய்யும் போல."

போன்களின் ஒலிப் பகுதியைச் சோதிக்கிற வேலையில் சில வருடம் இருந்திருக்கிறேன். அத்தை கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியத்தை வேறு வேறு வாய்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். இயர்பட்ஸ் ஒன்றை மட்டும்தான் மாற்றுகிறது என்பது கண்ணால் பார்த்ததைச் சொல்வதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் காரணம் இயர்பட்ஸின் குறைபாடு அல்ல.

போனுக்குள் 'சத்தம்' என்று ஒரே ஒரு அளவு கிடையாது. பாட்டு, வீடியோ, கேம் எல்லாம் மீடியா என்ற ஒரு வகை. அழைப்பில் கேட்கும் குரல் இன்னொரு வகை. ரிங்டோன், அலாரம் எல்லாம் தனித்தனி. ஒவ்வொரு வகைக்கும் போன் தனி எண் வைத்திருக்கிறது. அது மட்டுமில்லை, அந்த ஒலி எந்த வழியாக வெளியே போகிறது என்பதற்கும் தனித்தனி எண் உண்டு. மீடியா ஸ்பீக்கரில் போனால் ஒரு எண், ஒயர் ஹெட்செட்டில் போனால் வேறு எண், புளூடூத்தில் போனால் இன்னொன்று. ஸ்பீக்கரில் பாட்டை முழுதாக வைத்துவிட்டு இயர்பட்ஸை மாட்டினால் காது தப்பிப்பது இதனால்தான். மாட்டிய அந்த நொடியே மீடியா வால்யூம் பட்டை தானாக வேறு இடத்துக்கு நகர்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். யாரும் எதையும் குறைக்கவில்லை. போன் வேறு எண்ணை எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

புளூடூத்தில் இது இன்னும் ஒரு படி போகிறது. பாட்டும் பேச்சும் ஒரே இயர்பட்ஸுக்குள் வந்தாலும் ஒரே பாதையில் வருவதில்லை. பாட்டு வருவது ஏ2டிபி என்ற பாதையில். அது ஒருவழிப் பாதை, ஸ்டீரியோ, பெரும்பாலும் நொடிக்கு 44,100 மாதிரிகள். அழைப்பு வருவது எச்எஃப்பி என்ற பாதையில். அது இருவழி, ஏனென்றால் மைக்கும் வேலை செய்தாக வேண்டும். அதில் குரல் ஒற்றைத் தடமாக, பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளோடுதான் வரும். அழைப்பு தொடங்கியதும் போன் முதல் பாதையை நிறுத்திவைத்து இரண்டாவதைத் திறக்கும். அழைப்பு முடிந்ததும் மறுபடி மாற்றும். ஒரு நேரத்தில் ஒரு பாதைதான்.

ஆக, அழைப்பு இல்லாத நேரத்தில் மொட்டைத் தடவினால் அந்தக் கட்டளை பாட்டுப் பாதைக்கு மட்டும்தான் போக முடியும். பேச்சுப் பாதை அப்போது திறந்தே இல்லை. போனின் பக்கவாட்டு பட்டனும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு 9-இலிருந்து, அழைப்பு இல்லாதபோது அந்த பட்டன் மீடியாவையே மாற்றுகிறது. அத்தை 'முழுசாக் கூட்டி வச்சுட்டு' பேசப் போனது மீடியாவை.

இதைச் சொன்னதும் அத்தை ஒரு நல்ல கேள்வி கேட்டார். "சரிப்பா, அப்போ பேசுறப்போ என்ன எண்ணு இருக்கோ அதை இப்பவே கூட்டி வச்சிடேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கேதான் நான் தடம் தவறினேன். `Settings` போய் `Sound & vibration` திறந்தால் `Media volume`, `Call volume` என்று இரண்டு பட்டைகளும் கீழே கீழே இருக்கின்றன. இயர்பட்ஸ் இணைந்திருக்கும்போதே `Call volume` பட்டையை வலது கோடி வரை இழுத்தேன். அத்தையின் மகனை அடுத்த அறைக்கு அனுப்பி, அவன் போனிலிருந்து கூப்பிட்டு ஒரே குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். சோதனைக்கு இது நல்ல வழி. சும்மா பேசச் சொன்னால் ஆள் ஆர்வத்தில் குரலை உயர்த்திவிடுவார், நாம் எதை அளந்தோம் என்றே தெரியாமல் போகும்.

எண்ணிக்கை அதே கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்தது.

அழைப்பைத் துண்டிக்காமல் இயர்பட்ஸைப் பெட்டியில் போட்டேன். அழைப்பு போனின் காதுப்பகுதிக்கு மாறியது. குரல் தெளிவாக, போதுமான சத்தத்தில் கேட்டது. அதனால் சிம், நெட்வொர்க், மறுமுனையில் இருப்பவரின் மைக் என்று எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. மறுபடி இயர்பட்ஸ், மறுபடி கிணறு. பாட்டுப் போட்டால் அதே மொட்டுகளில் கணீரென்று கேட்கிறது, எனவே மொட்டின் வலையில் அழுக்கு அடைத்திருக்கிறது என்பதும் இல்லை. அழுக்கு அடைத்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். மிச்சமிருப்பது பேச்சுப் பாதையின் எண் ஒன்றுதான்.

போனை கம்ப்யூட்டரில் செருகி, எண்களை நேரடியாகப் பார்த்தேன்.

```
adb shell dumpsys audio
```

இது நீளமாகக் கொட்டும். வேண்டியது நடுவில் இருக்கும் சில வரிகள்தான். தேவையில்லாததை நீக்கிவிட்டுப் போடுகிறேன்:

```
- STREAM_VOICE_CALL:
   Max: 5
   Current: 1 (earpiece): 4, 80 (bt_a2dp): 5
- STREAM_MUSIC:
   Max: 15
   Current: 2 (speaker): 9, 80 (bt_a2dp): 13
- STREAM_BLUETOOTH_SCO:
   Max: 15
   Current: 20 (bt_sco_hs): 4
```

இந்த சில வரிகளில் முழுக் கதையும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நடுவில் உள்ளது மீடியா. அத்தையின் பாட்டு புளூடூத் வழியில் 15-க்கு 13-இல் இருக்கிறது. காது அதிர்வதற்குக் காரணம் அதுதான். மேலே உள்ளது சாதாரண அழைப்பு. காதுப்பகுதியில் 5-க்கு 4, அதுவும் நன்றாகவே கேட்டது. அதே வரியில் `bt_a2dp` என்பதற்கு நேராக 5 இருக்கிறதே, அது நான் பட்டையை இழுத்ததால் வந்த எண். போன் அதை வாங்கி, அழைப்பு வகைக்கும் பாட்டுப் பாதைக்குமான கட்டத்தில் பத்திரமாக எழுதிவைத்திருக்கிறது. ஆனால் உண்மையான அழைப்பு ஒருபோதும் அந்தப் பாதையில் போகாது. கடைசியில் இருப்பதுதான் புளூடூத் அழைப்புக்கு உரிய எண். 15-க்கு 4. நான் இழுத்த இழுப்பு அதைத் தொடவே இல்லை.

`Call volume` என்று எழுதியிருக்கும் ஒரே பட்டை, அழைப்பில் இருக்கும்போது ஒரு எண்ணையும் இல்லாதபோது வேறு எண்ணையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுத்து அதேதான், பட்டையும் அதேதான். பார்ப்பவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. சரியான இடத்துக்குப் போய், சரியான பெயர் உள்ள பட்டையை முழுதாக இழுத்த ஒருவரிடம் 'நீங்கள் செய்தது தவறு' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாப் போன்களும் இப்படி எண்களைப் பிரிப்பதில்லை. நிறுவனத்துக்கும் பதிப்புக்கும் தக்கபடி மாறும். ஐபோனில் இந்தக் குழப்பம் வேறு விதமாகத் தவிர்க்கப்பட்டிருக்கிறது. அங்கே அமைப்புகளில் கால் வால்யூம் பட்டையே கிடையாது, அழைப்பில் இருக்கும்போது பட்டனை அழுத்துவதுதான் வழி.

ஆண்ட்ராய்டிலும் நம்பகமான வழி அதுவேதான். மகன் மறுபடி கூப்பிட்டான். அழைப்பு இயர்பட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டு பட்டனை அழுத்தினேன். திரையில் வந்த பட்டையின் சின்னம் இசைக்குறி அல்ல, போன் ரிசீவரும் அதன் பக்கத்தில் புளூடூத் குறியும். இந்தச் சின்னத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும், நாம் எந்த எண்ணைத் திருகுகிறோம் என்பதற்குத் திரையில் கிடைக்கும் ஒரே சாட்சி அதுதான். ஐந்தாறு அழுத்தலில் குரல் கிணற்றைவிட்டு மேலே வந்தது. 12-இல் நிறுத்தினேன். அத்தை முகத்தில் சிரிப்பு. நானும் வேலை முடிந்தது என்று கிளம்பினேன்.

மறுநாள் காலை அத்தையிடமிருந்து அழைப்பு. "மறுபடியும் அதே கதைதான்."

இந்த இரண்டாம் பாகம் இல்லாவிட்டால் இதை எழுத வந்திருக்க மாட்டேன். பட்டனை அழுத்தச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அதைச் செய்து சரியாகி, மறுநாள் திரும்ப வருபவர்களுக்குத்தான் பதில் கிடைப்பதில்லை.

மாலையில் போய் அதே கட்டளையைப் போட்டேன். முந்தைய நாள் 12 வைத்த இடத்தில் மறுபடி 4. அத்தை தொடவில்லை என்று சத்தியம் செய்தார், நான் நம்பினேன். எண் 4 என்று துல்லியமாகப் பழைய இடத்துக்கே வந்திருந்தது. கை தவறிப் பட்டிருந்தால் ஏதோ ஒரு எண்ணில் நின்றிருக்கும். யாரோ அந்த 4-ஐ நினைவில் வைத்திருந்து திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

அந்த யாரோ இயர்பட்ஸ்தான். பேச்சுப் பாதையில் சத்தத்தை உண்மையில் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் மொட்டுக்குள் இருக்கும் சிப். போன் குரலை அனுப்பிவிட்டு, கூடவே 'இத்தனையில் வை' என்று 0 முதல் 15 வரை ஒரு எண்ணைச் சொல்லும். மொட்டைத் தடவினால் அதே எண் எதிர்த்திசையில், மொட்டிலிருந்து போனுக்கு வரும். எச்எஃப்பி விதிப்படி இரண்டும் கைகோக்கும் நேரத்தில் மொட்டு தன்னிடம் இருக்கும் அளவைப் போனுக்குத் தெரிவிக்க வேண்டும். போன் அதை மதித்துத் தன் எண்ணை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். அழைப்பு நடக்கும்போது இப்படி மாறினால் திரையில் பட்டை தோன்றும். இணையும் நேரத்தில், அழைப்பு எதுவும் இல்லாதபோது மாறினால் திரையில் எதுவுமே வராது. அமைதியாக நடந்து முடிந்துவிடும்.

யூகத்தோடு விட மனமில்லை. டெவலப்பர் அமைப்பில் `Enable Bluetooth HCI snoop log` என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கி, புளூடூத்தை ஒரு முறை அணைத்துப் போட்டால், போனுக்கும் இயர்பட்ஸுக்கும் இடையே நடக்கும் கட்டளைப் பரிமாற்றம் ஒரு கோப்பில் பதிவாகும். இயர்பட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து இணையவிட்டு, கோப்பை, இப்படிப்பட்ட பதிவுகளைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் திறந்தேன். இணைந்த கையோடு, மொட்டிலிருந்து போனுக்கு வந்த வரி:

```
AT+VGS=4
```

பிறகு ஒரு அழைப்பை எடுத்து, போன் பட்டனால் 12-க்கு ஏற்றினேன். இப்போது போனிலிருந்து மொட்டுக்கு `+VGS: 12` போயிருந்தது. மொட்டு அதற்குக் கீழ்ப்படிந்தது, குரல் உயர்ந்தது. பெட்டியில் போட்டு எடுத்தேன். மறுபடி `AT+VGS=4`. இந்த இயர்பட்ஸ் போன் சொல்வதை அந்த நேரத்துக்குக் கேட்டுக்கொள்கிறது, தன் நினைவில் எழுதிக்கொள்வதில்லை. தன் மேல் விரல் பட்டு மாறிய எண்ணை மட்டும்தான் எழுதிவைக்கிறது. நல்ல இயர்பட்ஸ் இரண்டையும் எழுதிவைக்கும். இது உள்மென்பொருள் எழுதியவர்கள் விட்ட ஓட்டை.

அப்படியானால் 4 எங்கிருந்து வந்தது? ஒரு நாள் யாரோ மொட்டைக் கீழே தடவியிருக்க வேண்டும், அதுவும் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது. அத்தையிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"வாங்கின புதுசுல உங்க பெரியப்பா கூப்பிட்டார். அவர் பேசினா ஊருக்கே கேக்கும்ல? காது வலிக்குதேன்னு கீழ தடவிக்கிட்டே இருந்தேன். விரல் எங்கயோ பட்டு கட் ஆயிடுச்சு. அவர் கோவிச்சுக்கிட்டார். அதுலருந்து பேசுறப்போ இதைத் தொடுறதே இல்லைப்பா."

இரண்டு விஷயத்துக்கும் இதில் பதில் கிடைத்தது. குறைத்தது அன்றைக்கு. திரும்பக் கூட்டாததற்குக் காரணம் அழைப்பு துண்டிக்கப்படும் என்ற பயம். அழைப்பு இல்லாத நேரத்தில் மட்டும் தடவிக்கொண்டிருந்ததால், நான்கு மாதமாக அவர் கை பட்டதெல்லாம் பாட்டின் எண்ணில். இயர்பட்ஸ் ஒன்றுக்குத்தான் வேலை செய்கிறது என்று அவர் முடிவுகட்டியதில் வியப்பில்லை.

சரிசெய்தது ஒரு நிமிட வேலை. மகன் கூப்பிட்டு எண்ணத் தொடங்கினான். அத்தையின் கையையே பிடித்து, விரல் நுனியால் தட்டாமல், மொட்டின் தண்டில் கீழிருந்து மேலாக நீளமாகத் தடவச் சொன்னேன். தட்டலும் தடவலும் குழம்பாமல் இருக்க அந்த நீளம் முக்கியம், குட்டையாக இழுத்தால் தட்டியதாகத்தான் மொட்டு எடுத்துக்கொள்ளும். எட்டு முறை தடவினார். ஒவ்வொரு தடவலுக்கும் திரையில் ரிசீவர் சின்னமுள்ள பட்டை ஒரு படி ஏறியது. 12 வந்ததும் நிறுத்தினோம். பெட்டியில் போட்டு மூடி, திறந்து, மறுபடி இணையவிட்டேன். பதிவில் வந்த வரி `AT+VGS=12`.

இதே புகாரோடு வருகிறவர்களில் சிலருக்குக் காரணம் வேறாக இருக்கும். இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன். `Disable absolute volume` என்ற டெவலப்பர் அமைப்பை இயக்கச் சொல்லும் யோசனை எங்கும் உலவுகிறது. அது பாட்டுப் பாதையில் மொட்டின் சத்தத்தைப் போன் நேரடியாக ஆள்வதை நிறுத்துவது மட்டும்தான். பாட்டு திடீரென்று அளவுக்கு மீறிக் கத்தினாலோ, முழுதாக வைத்தும் முனகினாலோ அதைப் பார்க்கலாம். அழைப்பு அடங்கிக் கேட்பதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்று, புளூடூத் பட்டியலில் இயர்பட்ஸின் பெயரைத் திறந்தால் வரும் `Phone calls` என்ற பொத்தான். அது அணைந்திருந்தால் அழைப்பு மொட்டுக்கே வராது, போனின் காதுப்பகுதியில் கேட்கும். காதில் மொட்டு இருப்பதால் மேசைமேல் கிடக்கும் போனிலிருந்து வரும் மெல்லிய குரலை மொட்டின் குரல் என்று நினைத்தவரையும் பார்த்திருக்கிறேன். மொட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பைப் பற்றியும் அத்தை கேட்டார். அதில் வரும் அழைப்புகள் இயர்பட்ஸில் இதே பேச்சுப் பாதையில்தான் போகும், எனவே இதே எண்தான். ஆனால் வாய்ஸ் மெசேஜ் அப்படியில்லை, அதைக் கேட்பது பாட்டுக் கேட்பது மாதிரி, மீடியா. ஒரே ஆளின் குரல், ஒரே செயலி, மெசேஜாக வந்தால் ஓங்கியும் அழைப்பாக வந்தால் அடங்கியும் கேட்டால், எண்கள் பிரிந்து கிடக்கின்றன என்பதற்கு அதைவிட எளிய சோதனை இல்லை. கட்டளையும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்.

எண் 15-க்கு 15 இருந்தும் குறிப்பிட்ட ஒருவர் மட்டும் மெல்லக் கேட்டால், அது அவர் பக்கத்து மைக். நம் பக்கம் எதைத் திருகினாலும் அதற்கு மேல் ஏறாது.

மூன்று வாரம் கழித்து அத்தை போனில் அதே `dumpsys` ஓட்டிப் பார்த்தேன். 12 இல்லை, 9 இருந்தது. நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். "பெரியப்பா நேத்து கூப்பிட்டார்டா. நானே தடவிக் குறைச்சேன், கட் ஆகலை."

பாட்டின் எண் அதே 13-இல் இருந்தது.